மைனிக்கு சாதாரண ஏசி போதும் என்று நான் சொன்னது ஏன்?



நம் குடும்பக் குழுவில் ஒரு வாரமாக நான்தான் பேச்சு. "சாரு கணக்கு வாத்தியாரா இருந்தும் பத்தாயிரத்துக்குப் பார்க்கிறார்" என்று ஒரு தம்பி எழுதினான். "இந்தக் காலத்துல யாராவது நான்-இன்வெர்ட்டர் வாங்குவாங்களா மாமா" என்று மருமகள் ஒருத்தி கேட்டாள். என் மைனி குடும்ப ஓய்வூதியத்தில் இருப்பவர். மகளும் அவருமாக வீட்டில் இரண்டு பேர். ஒரு படுக்கையறைக்கு ஏசி வாங்க வேண்டும், எது வாங்கலாம் என்று என்னிடம் கேட்டார். சாதாரண ஏசி வாங்குங்க, மிச்சப் பணத்தை பேங்கில் போடுங்க என்றேன். அதற்குத்தான் இவ்வளவு சத்தம்.

திட்டியவர்களில் பாதிப் பேர் என்னிடம் கூட்டுவட்டி படித்தவர்கள். அதனால்தான் இதை நீளமாக எழுதுகிறேன். இன்வெர்ட்டர் ஏசி மோசம் என்று நான் சொல்லவில்லை. அது நல்ல இயந்திரம். ஆனால் "இன்வெர்ட்டர் என்றால் லாபம்" என்பது கணக்கு இல்லை, விளம்பரம். ஒரே ஏசி ஒரு வீட்டில் போட்ட பணத்தை மூன்று மடங்காகத் திருப்பித் தரும், அடுத்த வீட்டில் மூன்றில் ஒரு பங்குதான் தரும். எந்த வீடு நம் வீடு என்று பார்க்காமல் வாங்குவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

முதலில் இயந்திரத்தைப் பார்ப்போம். சாதாரண ஏசியின் கம்ப்ரசருக்கு ஒரே வேகம். அறை குளிரும்வரை முழு வேகத்தில் ஓடும், குளிர்ந்ததும் நிற்கும், சூடானதும் மறுபடி ஓடும். இன்வெர்ட்டர் ஏசியில் ஒரு மின்னணுப் பலகை இருக்கிறது. அது கம்ப்ரசரின் வேகத்தைக் கூட்டும், குறைக்கும். அறை குளிர்ந்தபிறகு நின்றுவிடாமல் மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கும். மெதுவாக ஓடும்போது அதே குளிருக்குக் குறைந்த கரன்ட் போதும். சேமிப்பு முழுக்க இந்த மெதுவான ஓட்டத்தில் இருக்கிறது. ஆகவே சேமிப்பு வேண்டுமென்றால் ஏசி நிறைய நேரம் ஓட வேண்டும், அதுவும் அறை குளிர்ந்தபிறகு ஓட வேண்டும். ஒரு மணி நேரம் போட்டு அணைக்கிறவருக்கு அந்த ஒரு மணி நேரமும் அது அநேகமாக முழு வேகத்தில்தான் ஓடும். அங்கே இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

எவ்வளவு மிச்சம் என்பதைக் கடைக்காரர் வாயிலிருந்து கேட்க வேண்டாம். ஏசியின் மேலேயே ஒட்டியிருக்கிறது. பி.இ.இ. நட்சத்திர லேபிளில் வருடத்துக்கு எத்தனை யூனிட் என்று அச்சிட்டிருப்பார்கள். அது வருடத்துக்கு 1,600 மணி நேரம் ஓடினால் ஆகும் யூனிட். பலர் நட்சத்திரத்தை எண்ணிவிட்டு இந்த எண்ணை விட்டுவிடுகிறார்கள். நட்சத்திரம் நிலையானது அல்ல. 2018-ல் 4.50 திறன் எண் இருந்தால் ஐந்து நட்சத்திரம். 2022 ஜூலைக்குப் பிறகு அதே ஐந்துக்கு 5.00 வேண்டியிருந்தது. ஆகவே இரண்டு ஏசியை ஒப்பிடும்போது நட்சத்திரத்தை விட்டுவிட்டு யூனிட்டைப் பாருங்கள். "இன்வெர்ட்டர்" என்ற சொல்லையும் விட்டுவிடுங்கள். மூன்று நட்சத்திர இன்வெர்ட்டரும் உண்டு, ஐந்து நட்சத்திர இன்வெர்ட்டரும் உண்டு, இரண்டும் ஒன்றல்ல.

உதாரணத்துக்கு ஒன்றரை டன் ஏசி இரண்டு எடுப்போம். சாதாரண ஏசி லேபிளில் 1,070 யூனிட். ஐந்து நட்சத்திர இன்வெர்ட்டர் லேபிளில் 750 யூனிட். வித்தியாசம் 320. அதை 1,600-ஆல் வகுத்தால் 0.2. அதாவது ஒரு மணி நேரம் ஓடினால் ஐந்தில் ஒரு யூனிட் மிச்சம். கடையில் அரைமணி நேரம் சொல்லும் கதை முழுவதும் இந்த ஒரு எண்தான். விலை வித்தியாசத்தைப் பத்தாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் கடையில் எட்டோ பன்னிரண்டோ இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி மிச்சமாகும் யூனிட்டுக்கு என்ன விலை? இங்கேதான் படித்தவர்களும் தடுமாறுகிறார்கள். பில் தொகையை யூனிட்டால் வகுத்து "யூனிட் நாலு ரூபாய் சொச்சம்" என்கிறார்கள். அது சராசரி. நாம் மிச்சப்படுத்துவது சராசரி யூனிட்டை அல்ல, கடைசி யூனிட்டை. ஏசிதான் வீட்டில் மேலே ஏறி உட்காரும் செலவு. அதனால் மேல் படியின் விலைதான் அதற்குப் பொருந்தும். 2024 ஜூலை கட்டணப்படி நம் தமிழ்நாட்டு வீட்டு பில்லில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500-க்குள் நின்றால் 101 முதல் 200 வரை ரூ.2.35, 400 வரை ரூ.4.70, 500 வரை ரூ.6.30. ஐந்நூறைத் தாண்டினால் 501 முதல் 600 வரை ரூ.8.40, 800 வரை ரூ.9.45. இன்னும் ஒன்று: 500-ஐ ஒரு யூனிட் தாண்டினாலும் 101 முதல் 200 வரையிலான நூறு யூனிட்டும் ரூ.2.35-லிருந்து ரூ.4.70-க்கு மாறிவிடும். அந்த ஒரு யூனிட்டுக்காக 235 ரூபாய் கூடுதல். இதை மனதில் வையுங்கள், பின்னால் வரும்.

எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலையில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கட்டணம் வேறு. அங்கே மாதம் 250 யூனிட் தாண்டினால் படிப்படியான விலை போய், மொத்த யூனிட்டுக்கும் ஒரே விலை விழும். ஆகவே அங்கிருந்து வரும் ஏசி வீடியோவை இங்கே அனுப்பி "பாத்தீங்களா சாரே" என்று கேட்காதீர்கள். நான் இங்கே போடும் கணக்கையும் அங்கே அப்படியே போட வேண்டாம். முறை ஒன்றுதான், எண்கள் வேறு.

அடுத்தது நான் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். பத்தாயிரம் ரூபாய் இன்றைக்குக் கையை விட்டுப் போகிறது. சேமிப்பு பத்து வருடமாகச் சில்லறை சில்லறையாக வருகிறது. இரண்டையும் நேராகக் கூட்டிக் கழிக்கக் கூடாது. பேங்கில் 7 சதவீத வட்டி கிடைக்கும் என்றால், அடுத்த வருடம் வரப்போகும் 1,000 ரூபாய்க்கு இன்றைய மதிப்பு 935. பத்தாவது வருடம் வரப்போகும் 1,000 ரூபாய்க்கு இன்றைய மதிப்பு 508-தான். இப்படிப் பத்து வருடத்தையும் தள்ளிக் கூட்டினால் வருடம் 1,000 ரூபாய் சேமிப்பின் இன்றைய மதிப்பு 7,024 ரூபாய். பத்தாயிரம் இல்லை. மனக்கணக்குக்கு ஒரு வழி: வருடச் சேமிப்பை ஏழால் பெருக்குங்கள். அது விலை வித்தியாசத்தைவிட அதிகமாக இருந்தால் இன்வெர்ட்டர், குறைவாக இருந்தால் சாதாரணம்.

இப்போது மைனி வீடு. ஏசி இல்லாமல் இரண்டு மாதத்துக்கு 240 யூனிட். நம் ஊரில் ஜூனில் மழை பிடித்துவிட்டால் மின்விசிறியே சில இரவு கூடுதல். மைனிக்கு ஏசி தேவைப்படுவது மார்ச், ஏப்ரல், மே மூன்று மாதம், இரவில் ஐந்து மணி நேரம். மொத்தம் 450 மணி நேரம். மார்ச், ஏப்ரல் பில்லில் சாதாரண ஏசி ஏறத்தாழ 200 யூனிட் எடுக்கும், மொத்தம் 440. இன்வெர்ட்டர் 140 எடுக்கும், மொத்தம் 380. மிச்சமாகும் 60 யூனிட்டில் நாற்பதுக்கு ரூ.6.30, இருபதுக்கு ரூ.4.70. ஆக ரூ.346. மே மாதத்தில் இன்னும் 30 யூனிட் மிச்சம், ரூ.4.70 வீதம் ரூ.141. வருடச் சேமிப்பு 487 ரூபாய். ஏழால் பெருக்கினால் ஏறத்தாழ ரூ.3,400. கொடுக்கச் சொல்வது பத்தாயிரம். மீதி ரூ.6,600-ஐ யாருக்குத் தானம் பண்ணச் சொல்கிறீர்கள்? ஓய்வூதியத்தில் வாழும் ஒரு பெண்ணிடம் "கரன்ட் மிச்சமாகும்" என்று சொல்லி அதைப் பிடுங்குவதுதான் முன்னேற்றமா?

மைனியிடம் கடையில் கொடுத்த தாளில் "வருடம் ரூ.4,000 சேமிப்பு, இரண்டரை வருடத்தில் முதல் திரும்பும்" என்று இருந்தது. அந்த எண் எப்படி வந்தது என்று பின்னாலிருந்து போட்டுப் பார்த்தேன். தினம் எட்டு மணி நேரம், வருடம் முந்நூறு நாள்; ஆக 2,400 மணி நேரம். மணிக்கு 0.2 யூனிட், யூனிட் ரூ.8.40. பெருக்கினால் ரூ.4,032. கணக்கில் பொய் இல்லை. ஆனால் அது மைனி வீட்டுக் கணக்கு இல்லை. நம் மழை ஊரில் வருடம் முந்நூறு நாள் ஏசி போடும் வீடு எத்தனை? போட்டாலும் மைனியின் பில் எட்டு ரூபாய் படிக்கு ஏறுகிறதா? இந்த இரண்டு கேள்வியையும் அந்தத் தாள் கேட்கவில்லை. குழுவில் என்னைத் திட்டியவர்களும் கேட்கவில்லை.

இன்னொரு பக்கமும் சொல்கிறேன், இல்லாவிட்டால் நான் ஒருதலை ஆகிவிடுவேன். வளைகுடாவில் வேலை பார்க்கும் என் மாணவன் ஒருவன் வீட்டில் வயதான பெற்றோர், மனைவி, இரண்டு குழந்தைகள். ஏசி இல்லாமலே 420 யூனிட். பத்து மாதம், தினம் எட்டு மணி நேரம் ஏசி ஓடும். இரண்டு மாதத்தில் 480 மணி நேரம். சாதாரண ஏசி என்றால் மொத்தம் 741 யூனிட், இன்வெர்ட்டர் என்றால் 645. மிச்சமாகும் 96 யூனிட்டும் ரூ.9.45 படியில் இருக்கிறது. ஒரு பில்லுக்கு ரூ.907, வருடம் ஐந்து பில்லுக்கு ரூ.4,536. ஏழால் பெருக்கினால் ஏறத்தாழ ரூ.31,700. அவன் பத்தாயிரம் கொடுக்கத் தயங்கினால் அவனைத்தான் நான் திட்டுவேன். அவனுடைய அப்பா "யூனிட் அஞ்சரை ரூவாதானே" என்று சராசரி சொல்லித் தடுக்கிறாராம். அண்ணே, மிச்சமாவது ஒன்பதரை ரூபாய் யூனிட். உங்கள் சராசரியால் பாதிக்குப் பாதி லாபம் கண்ணில் படாமல் போகிறது.

நடுவில் இருக்கும் வீடுகள்தான் சுவாரசியம். ஏசி இல்லாமல் 330 யூனிட், வெயில் காலத்தில் நான்கு மாதம், இரவு ஐந்து மணி நேரம். இரண்டு மாத பில் சாதாரண ஏசியில் 531 யூனிட், ரூ.2,300. இன்வெர்ட்டரில் 471 யூனிட், ரூ.1,622. அறுபது யூனிட்டுக்கு 678 ரூபாய் வித்தியாசம்! முன்னே சொன்ன 235 ரூபாய் இங்கேதான் வருகிறது. வருடம் இரண்டு பில், ரூ.1,356. ஏழால் பெருக்கினால் ஏறத்தாழ ரூ.9,500. பத்தாயிரத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். இந்த வீட்டுக்காரர் எது வாங்கினாலும் நஷ்டம் இல்லை.

ஆனால் அவர் ஒரு காரியம் செய்யலாம். சாதாரண ஏசியையே வாங்கி, டைமர் வைத்து விடியற்காலையில் முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக முன்னதாக அணைய விட்டால் இரண்டு மாதத்தில் 31 யூனிட் குறையும். பில் சரியாக 500-ல் நிற்கும், ரூ.1,805. ஒரு பைசா செலவில்லாமல் ஒரு பில்லில் ரூ.495 மிச்சம். ஆகவே 500-ஐ ஒட்டி நிற்கும் வீடுகள் மீட்டரை மாதம் ஒருமுறை பார்த்து எழுதி வையுங்கள். கணக்கெடுக்க ஆள் வந்தபிறகு பார்த்துப் பயனில்லை.

இனி என் கணக்குக்கு எதிராக வந்த வாதங்கள்.

"கரன்ட் விலை கூடிக்கொண்டே போகுமே சார்" என்கிறார்கள். சரியான கேள்வி. வருடம் 3 சதவீதம் கூடும் என்று வைத்தால் ஏழுக்குப் பதில் எட்டால் பெருக்குங்கள். மைனியின் 3,400 ரூபாய் 3,900 ஆகும். பத்தாயிரம் ஆகாது.

"வட்டியில்லாத தவணையில் எடுக்கலாமே" என்கிறார்கள். ரொக்கமாகக் கொடுத்தால் தள்ளுபடி உண்டா என்று கேளுங்கள். உண்டு என்றால் அந்தத் தள்ளுபடிதான் வட்டி. கடன் அட்டையிலோ வேறு கடனிலோ 15 சதவீத வட்டிக்கு வாங்குகிறவர்கள் ஏழால் பெருக்கக் கூடாது, ஐந்தால் பெருக்க வேண்டும். கடன் வாங்கிச் சேமிப்பது கடினமான வித்தை.

"பழுது?" என்று யாரும் கேட்கவில்லை. நான் கேட்கிறேன். இன்வெர்ட்டரின் உயிர் அந்த மின்னணுப் பலகையில் இருக்கிறது. மின்னழுத்தம் ஏறி இறங்கினாலும் இடி மின்னல் விழுந்தாலும் முதலில் அடி வாங்குவது அதுதான். நம் ஊர் துலாமழை இடியைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கம்ப்ரசருக்கு உத்தரவாதம் பத்து வருடம் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். பலகைக்கு எத்தனை வருடம் என்று சின்ன எழுத்தில் படியுங்கள். ஏழாவது வருடத்தில் பலகை மாற்ற ஆறாயிரம் ஆகும் என்று வைத்தால், அதன் இன்றைய மதிப்பு ஏறத்தாழ ரூ.3,700. மைனியின் பத்து வருடச் சேமிப்பு முழுவதையும் அந்த ஒரு பழுது சாப்பிட்டுவிடும். வளைகுடா மாணவன் வீட்டில் அது ஒரு கீறல்தான். நீரோடி, கொல்லங்கோடு, தேங்காப்பட்டணம் பக்கம் கடலை ஒட்டி இருப்பவர்களுக்கு இன்னொன்று: உப்புக் காற்று வெளியே இருக்கும் யூனிட்டின் கம்பிச்சுருளை அரிக்கும். பத்து வருடம் என்று எழுதாதீர்கள். ஏழு வருடம் என்று வைத்தால் பெருக்க வேண்டிய எண் 5.4.

"சத்தம் குறைவு, குளிர் ஒரே சீராக இருக்கும்" என்கிறார்கள். உண்மை. சாதாரண ஏசி நின்று நின்று ஓடும்போது தூக்கம் கலைகிறவர்கள் உண்டு. அந்த நிம்மதிக்காக ஆறாயிரம் கொடுக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் நான் வாயை மூடிக்கொள்வேன். அது அவருடைய பணம், அவருடைய தூக்கம். ஆனால் அதற்குச் "சேமிப்பு" என்று பெயர் வைக்காதீர்கள்.

கடைசியாக, இன்வெர்ட்டர் வாங்கியும் பில் குறையவில்லை என்று புலம்புகிறவர்களுக்கு. இரவு இரண்டு மணிக்கு வெளியே போய் அந்த யூனிட்டின் சத்தத்தைக் கேளுங்கள். மாலையில் போட்ட அதே இரைச்சலில் இன்னும் ஓடுகிறது என்றால் அது மெதுவாக ஓடவே இல்லை. அறைக்கு டன் போதவில்லை, அல்லது மேல்மாடி கான்கிரீட் வெப்பம் இறங்குகிறது, அல்லது கதவுக்கடியில் காற்று போகிறது, அல்லது 18-ல் வைத்திருக்கிறீர்கள். முழு வேகத்தில் ஓடும் இன்வெர்ட்டர் அதிக விலை கொடுத்து வாங்கிய சாதாரண ஏசி மாதிரிதான். 2020 முதல் நட்சத்திர ஏசிகள் 24 டிகிரியில் தொடங்கும்படி சட்டமே இருக்கிறது. அதை அங்கேயே விட்டுவைத்தால் போதும்.

இப்போது வீட்டுப்பாடம். கடைக்குப் போகும் முன் இரண்டு லேபிளின் யூனிட் வித்தியாசத்தை 1,600-ஆல் வகுங்கள். அதை உங்கள் வீட்டில் வருடத்துக்கு ஏசி ஓடும் மணி நேரத்தால் பெருக்குங்கள். வெயில் கால இ.பி. பில்லை எடுத்து, ஏசி யூனிட் எந்தப் படியில் விழுகிறது என்று பார்த்து அந்த விலையால் பெருக்குங்கள். பிறகு ஏழால் பெருக்குங்கள். வருகிற எண்ணைவிட விலை வித்தியாசம் குறைவு என்றால் தைரியமாக இன்வெர்ட்டர் வாங்குங்கள், என் ஆசீர்வாதமும் உண்டு. எங்கேயாவது சிக்கினால் யூனிட்டையும் மணி நேரத்தையும் கீழே எழுதுங்கள், நான் போட்டுத் தருகிறேன். என்னைத் திட்ட வருகிறவர்களும் கணக்கோடு வாருங்கள் மக்களே. விடை மட்டும் எழுதினால் நான் என்றைக்கும் மார்க் போட்டதில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.